அம்மா போட்ட மனுவும் ஸ்விஸ்ஸுக்கு வர வேண்டிய நோட்டீஸும்

பெரியண்ணன் அன்றைக்கு போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கு. "மாசம் 300 பிராங்க் அனுப்பறேன். ஒரு மாசம் தவறினதில்ல. என் மேல அம்மா மனு போடறாங்களா? இதெல்லாம் இந்தியாவுல மட்டும்தான் நடக்கும்!"

அவர் எனக்குப் பெரியம்மா மகன். பெர்ன் பக்கம் 15 வருஷமாக இருக்கிறார், நான் சூரிச்சில். பெரியம்மாவுக்கு வயசு 71. டெல்டா பக்கம் ஒரு சிறு நகரத்தில் சின்னண்ணன் வீட்டில் இருக்கிறார். அக்கா திருச்சியில். போன விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவோடு உட்கார்ந்து அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதனால் அந்தக் கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

"இந்தியாவுல மட்டும்தான்" என்று அவர் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம். அது தப்பு. ஸ்விஸ் சிவில் சட்டத்தின் 328ஆவது பிரிவே இதைச் சொல்கிறது: வசதியான நிலையில் இருப்பவர், தன் உதவி இல்லாவிட்டால் வறுமையில் விழுந்துவிடக்கூடிய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உதவ வேண்டும். ஆனால் "வசதியான" என்கிற அளவுகோலை இங்கே மிக உயரத்தில் வைத்திருக்கிறார்கள். சமூக உதவிக்கான ஸ்கோஸ் வழிகாட்டுதல்படி, வரிக்குரிய வருமானம் தனியாளுக்கு 1,20,000 பிராங்க், தம்பதிக்கு 1,80,000 பிராங்க் தாண்டினால்தான் சமூக நல அலுவலகம் பிள்ளைகளிடம் கேட்பது பற்றியே யோசிக்கும். குழந்தைகள் இருந்தால் தலைக்கு 20,000 கூடும். சொத்துக்கும் தனி வரம்பு உண்டு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வூதியம் போதாதவர்களுக்கு இங்கே தருகிற கூடுதல் தொகை சமூக உதவி அல்ல, உரிமை. அதற்காகப் பிள்ளைகளின் வருமானத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். நம் ஆட்களில் சில பெரியவர்கள் "பிள்ளைக்கு பில் போயிடும்" என்று பயந்து விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு: ஐரோப்பிய ஒன்றியம் சாராத வெளிநாட்டுக் குடிமக்கள் பொதுவாக 10 வருஷம், அகதிகள் 5 வருஷம், இடைவெளி இல்லாமல் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

ஆக இங்கே அரசாங்கம் முதலில் வருகிறது, பிள்ளை கடைசியில். ஊரில் அது தலைகீழ். அதனால்தான் அங்கே 2007இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். தமிழ்நாடு அதற்கான விதிகளை 2009இல் கொண்டுவந்தது. அதன் முதல் பிரிவிலேயே நமக்கு ஒரு வரி இருக்கு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பெரியண்ணன் கையில் இருப்பது இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

சரி, மாசம் 300 பிராங்க் போகுதே, அப்புறம் எதுக்கு மனு? இதுதான் பெரும்பாலான வெளிநாட்டுக் குடும்பங்களின் கதை என்று நினைக்கிறேன். பணம் போனது சின்னண்ணன் கணக்குக்கு. அவருக்குச் சின்னதாக ஒரு கடை, அதன் தலையில் கடன். பணம் வந்த கையோடு வட்டிக்குப் போய்விடும். அவர் கெட்டவர் இல்லை. அம்மா தன் வீட்டில்தானே சாப்பிடுகிறார், அதுவே கணக்கு சரி என்பது அவர் எண்ணம். பெரியண்ணன் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தார். அக்கா, அண்ணன் பார்த்துக்கிறார் என்று இருந்தார். நடுவில் பெரியம்மாவின் சர்க்கரை மாத்திரை மாசத்தில் பத்து நாள் இல்லாமல் போனது. மூன்று பேரும் 'பார்த்துக்கொள்கிற' ஒரு அம்மா, மாத்திரைக்குப் பக்கத்து வீட்டில் 200 ரூபாய் கடன் கேட்டார். அது என் காதுக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"எதுக்குடா தம்பி கோர்ட்டு கேசெல்லாம்? பெத்த புள்ளைங்க மேல..." என்று பெரியம்மா இழுத்தார். கோர்ட் இல்லை பெரியம்மா, ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று சொன்னேன். அது உண்மையும்கூட. இந்தச் சட்டத்தில் விசாரிப்பது நீதிமன்றம் அல்ல, தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருவாய்க் கோட்டத்திலும் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அல்லது சப் கலெக்டர், அதற்குத் தலைவர். பெற்றோர் இப்போது வசிக்கிற இடம், கடைசியாக வசித்த இடம், பிள்ளை வசிக்கிற இடம் இவற்றில் எந்த ஊரிலும் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தாலும் அது ஆர்.டி.ஓ.வுக்குத்தான் போய்ச் சேரும். நடக்க முடியாதவர் என்றால் வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்து அவர் மூலம் கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரிக்கவும் சட்டத்தில் வழி இருக்கு.

அப்பா அம்மா என்றால் 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெற்றோர் என்ற முறையே போதும். மாற்றாந்தாய், தத்தெடுத்த தாய் தந்தையும் அதில் அடக்கம். பார்க்க வேண்டியது ஒன்றைத்தான்: தன் சம்பாத்தியத்தாலோ தன் சொத்தாலோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையா?

முதல் நாள் நாங்கள் கொண்டுபோன மனு நாலு பக்கம். பெரியப்பா இறந்தது, நிலம் விற்றது, கடை வைத்தது, மருமகள் பேசியது என்று குடும்ப வரலாறே அதில் இருந்தது. நான் எழுதியதுதான், கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தேன். அங்கே இருந்த எழுத்தர் அம்மா பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரிங்க. மாசம் எவ்வளவு வேணும்னு எங்க எழுதியிருக்கீங்க?"

எங்கேயும் எழுதவில்லை.

மறுபடி உட்கார்ந்தோம். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. பெரியம்மாவின் பெயர், வயது, முகவரி. அடுத்து மூன்று பிள்ளைகளின் பெயர், முகவரி, என்ன வேலை என்பது. பிறகு சொந்த வருமானம் இல்லை, தன் பெயரில் சொத்து இல்லை என்று ஒரு வரி. அப்புறம் செலவுக் கணக்கு: மாத்திரை 2,600, ரத்தப் பரிசோதனை 500, சாப்பாட்டுக்கு 3,500, பால் 900, துணி துவைக்க, கூட மாட உதவ வரும் பெண்ணுக்கு 1,500, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 500. மொத்தம் 9,500 ரூபாய். கடைசி வரி, இந்தத் தொகையை மாதாமாதம் என் வங்கிக் கணக்கில் செலுத்த உத்தரவிட வேண்டும்.

கூட வைத்தது ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், டாக்டர் சீட்டு, ஆறு மாத மருந்துக் கடை ரசீது, பாஸ்புக் நகல். இதில் பேசியது மருந்து ரசீதுகள்தான். முப்பது நாள் மாத்திரை என்று டாக்டர் எழுதியிருக்க, ரசீது சில மாதங்களில் இருபது நாளுக்குத்தான் இருந்தது. நாலு பக்கத்தில் நான் சொல்ல முயன்றதை அந்த இடைவெளி சொல்லிவிட்டது. பாஸ்புக்கில் எந்தப் பிள்ளையிடமிருந்தும் ஒரு ரூபாய் வரவு இல்லை என்பது இரண்டாவது சாட்சி. கொடுத்த மனுவுக்குத் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டோம்.

மூன்று பேர் பெயரையும் போட வேண்டுமா என்று பெரியம்மா தயங்கினார். சின்னவன் மேல் மட்டும் போதும், பெரியவன்தான் அனுப்புறானே, மகளைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சே என்று. நான் வற்புறுத்தினேன். மகன், மகள் என்று சட்டம் பிரிக்கவில்லை. வயது வந்த பேரன் பேத்திகூட 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். ஒருவர் பெயரை மட்டும் போட்டால், அவர் "என் அண்ணனையும் சேருங்க" என்று கேட்க உரிமை இருக்கு. கேட்டால் வாய்தா ஒன்று கூடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை என்றால் நோட்டீஸ் வேலை புதிதாக ஆரம்பிக்கும்.

இந்த நோட்டீஸ்தான் நம்மைப் போன்றவர்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம். மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். கேட்க நன்றாக இருக்கு. ஆனால் அந்த 90 நாள் எந்த நாளிலிருந்து? மனு கொடுத்த நாளிலிருந்து இல்லை, பிள்ளைக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு, மத்திய அரசு அறிவிக்கை செய்த அதிகாரி மூலம்தான் நோட்டீஸ் போக வேண்டும் என்று 6ஆவது பிரிவில் இருக்கு. தாலுகா அளவில் தபால்காரர் ஒரு நாளில் முடிக்கிற வேலை, அலுவலகம் மாறி அலுவலகம் போய், இங்கே வீடு மாறியிருந்தால் திரும்பிப் போய், மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை கடிகாரமே ஓடாது. ஊரில் இருக்கிற பிள்ளை நோட்டீஸை வேண்டுமென்றே வாங்காமல் தவிர்த்தால் அவர் இல்லாமலே விசாரித்து உத்தரவு போடலாம். வெளிநாட்டுப் பிள்ளையோ தவிர்க்கக்கூடத் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும்.

பெரியண்ணனிடம் நான் போனில் சொன்னது இதைத்தான். அவர் கத்தி முடித்த பிறகு. "அண்ணே, நீங்க பணம் அனுப்பலைன்னு யாரும் சொல்லல. உங்க சரியான முகவரிய நீங்களே ஆபீசுக்கு எழுதிக் கொடுங்க. நோட்டீஸ் வந்தா கையெழுத்துப் போட்டு வாங்குங்க. நீங்க தள்ளிப் போடற ஒவ்வொரு வாரமும் பெரியம்மாவுக்குத்தான் மாத்திரை இல்ல." இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் முகவரியை அனுப்பினார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு வருவதாகவும் எழுதியிருந்தார்.

இதற்கு நடுவில் பெரியம்மாவை வெறுங்கையோடு காத்திருக்க விட வேண்டியதில்லை. விசாரணை முடியும் வரை இடைக்காலத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவிட தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதையும் மனுவில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பல இடங்களில் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். நாங்கள் கேட்டிருந்தோம். சின்னண்ணன் மாதம் 2,500 தர உத்தரவானது. மாத்திரைக்குக் கிட்டத்தட்டச் சரியாகப் போனது.

விசாரணைக்கு முன்னாலேயே சமரச அலுவலரிடம் அனுப்பலாம், அவர் ஒரு மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். எங்கள் விஷயம் அங்கேயே முடிந்தது. வக்கீல் யாரும் இல்லை. 17ஆவது பிரிவு வக்கீல் வேண்டாம் என்கிறது. கேரளா போன்ற சில உயர் நீதிமன்றங்கள் வக்கீலை அனுமதித்துத் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் இது மாதிரி மனுவுக்கு வக்கீல் அவசியமே இல்லை என்பது என் அபிப்பிராயம். தனியாகப் பேசத் தயங்கும் அம்மா அப்பாவுக்காக மாவட்ட சமூக நல அலுவலர் தீர்ப்பாயத்தில் நின்று பேசலாம், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கு.

அந்த அறையில் மூன்று பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெரியண்ணன் தன் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்தார். தான் அனுப்பிய ஒவ்வொரு மாதமும் அதில் இருந்தது. அப்போதுதான் பெரியம்மாவுக்கு அந்தத் தொகை எவ்வளவு என்றே தெரிந்தது. சின்னண்ணன் தலை நிமிரவில்லை. அலுவலர் யாரையும் திட்டவில்லை. "இனிமே இவங்க கணக்குக்கு நேரா போகணும், அவ்வளவுதான்" என்றார். பெரியவர் 6,000, சின்னவர் 2,000, அக்கா 1,500. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள். எழுதி, கையெழுத்து வாங்கி, அதையே உத்தரவாகப் போட்டார்கள். தம்பிக்குத் தனியாக என்ன கொடுப்பது என்பது பெரியண்ணன் விருப்பம், அம்மா பெயரில் அது போகாது.

இப்போது இந்தச் சட்டத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய உச்சத் தொகை மாதம் 10,000 ரூபாய். 2007இல் வைத்த வரம்பு, இன்னும் அதே. பெரியம்மாவின் 9,500 எப்படியோ உள்ளே அடங்கிவிட்டது. டயாலிசிஸ் செய்கிற அப்பாவுக்கு, படுக்கையில் இருக்கிற அம்மாவுக்கு இது எந்த மூலைக்கு? இந்த வரம்பை எடுக்க 2019இல் ஒரு திருத்த மசோதா மக்களவையில் வந்தது. நிறைவேறாமல் 2024இல் அந்த மக்களவையோடு காலாவதியானது. அதிகம் தேவைப்படுபவர்களுக்கு இன்னொரு வழி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. அதில் தொகைக்கு இப்படி ஒரு வரம்பு இல்லை. ஆனால் அது நிஜமாகவே நீதிமன்றம், வக்கீல் வேண்டும், காலமும் ஆகும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. அதனால் முதல் மனு எழுதும்முன் செலவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது முக்கியம்.

அடுத்த குறை, எல்லை. உத்தரவை மதிக்காத பிள்ளைக்கு வாரண்ட் போடலாம், பாக்கியை அபராதம் போல வசூலிக்கலாம், கட்டும்வரை அல்லது ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆனால் அந்த வாரண்டைக் கொண்டுவந்து பெர்னில் யார் சம்பளத்தையும் பிடிக்க முடியாது. ஊரில் அந்தப் பிள்ளைக்குச் சொத்து இருந்தால், ஊருக்கு வந்துபோகிற ஆளாக இருந்தால் அதற்கு வலு உண்டு. இல்லாவிட்டால் அது காகிதம்தான். வெளிநாட்டில் இருக்கும் நம்மைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் பாதிக்குப் பாதி நம் ஒத்துழைப்பில்தான் ஓடுகிறது. இதைப் படித்துவிட்டு யாராவது "அப்போ தப்பிச்சோம்" என்று நினைத்தால், அவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

வீட்டை எழுதிக்கொடுத்துவிட்ட பெற்றோருக்கு 23ஆவது பிரிவு தனியாக இருக்கு. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்து, பிள்ளை பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரமாக இருக்க வேண்டும். நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருந்தன. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் காரணமாக எழுதிக்கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சொன்னது. இருந்தாலும் எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்த்துவிடுவதே நல்லது.

இதை வாசிக்கும் ஈழத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் முதியோரின் விண்ணப்பத்தை அதன் கீழுள்ள பராமரிப்புச் சபை விசாரிக்கும். ஊரில் இருக்கும் அம்மா அப்பா முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் பிரதேச செயலகத்தில் உள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர். தமிழ்நாட்டில் எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

பிள்ளைகள் மேல் மனு போட்டால் குடும்பம் உடைந்துவிடும் என்று எங்கள் சொந்தத்தில் இன்னும் சிலர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் உடைந்தது ஒரு தவறான பணப்பாதை. பாசம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பெரியம்மா இப்போதும் சின்னண்ணன் வீட்டில்தான் சாப்பிடுகிறார்.

நாலு மாதம் கழித்து சின்னண்ணனின் 2,000 வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. பெரியம்மா போன் பண்ணி, "பாவம், கடையில யாவாரம் இல்லை போல, விட்டுடலாமா தம்பி?" என்றார். விட்டுவிடலாம், அது உங்கள் இஷ்டம், ஆனால் ஒரு பாக்கியை வசூலிக்க அது சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும், அதற்கப்புறம் அதற்கு வாரண்ட் கேட்க முடியாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சின்னண்ணனைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி போனைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி என்னமோ மூணு மாசம்ங்கிறான்டா" என்றார். அந்த வாரமே 4,000 வந்துவிட்டது.